தைப் பூசத்தில் பிறந்த பெண்ணுக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் என்றைக்கு?

"எங்கள் பெண் 2020 பிப்ரவரி 8 காலை பத்தரை மணிக்குப் பெங்களூரில் பிறந்தாள். தை மாதம், பூச நட்சத்திரம். கும்பகோணத்தில் இருக்கும் மாமியார் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதி சொல்கிறார். ஒரு வருஷம் ஜனவரி 18, அடுத்த வருஷம் பிப்ரவரி 5. ஏன் இப்படி மாறுகிறது? மாதாமாதம் அவள் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்ய நினைக்கிறோம். அந்த நாளை நாங்களே கண்டுபிடிக்க முடியுமா? வீட்டில் இருப்பது கன்னடக் காலண்டர்தான்."

உங்கள் மாமியார் சொன்ன இரண்டு தேதியும் சரி. நாளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஜோசியம் தெரிய வேண்டியதில்லை, கூட்டல் தெரிந்தால் போதும். ஆனால் தேதி ஏன் மாறுகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் கண்டுபிடிப்பது தானாக வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத் தேதிக்கு நிலாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிப்ரவரி 8 என்பது சூரியனை வைத்துப் போட்ட வருஷத்தில் ஒரு நாள், அவ்வளவுதான். அன்று வானத்தில் நிலா எங்கே நிற்கிறது என்று அது கவலைப்படாது. நட்சத்திரப் பிறந்தநாளுக்கோ இரண்டு விஷயம் ஒன்றாகக் கூடிவர வேண்டும். சூரியன் மகர ராசியில் இருக்க வேண்டும். அதைத்தான் தை மாதம் என்கிறோம். சந்திரன் பூச நட்சத்திரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் நாள்தான் உங்கள் பெண்ணின் பிறந்தநாள்.

இதில் தை மாதம் அதிகம் நகராது. ஜனவரி 14 அல்லது 15ல் பிறந்து பிப்ரவரி 12ஐ ஒட்டி முடிந்துவிடும். நகர்வது முழுக்கச் சந்திரன்தான். சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆகும் இருபத்தொன்பதரை நாள் வேறு கணக்கு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த 27 நாள் 8 மணி நேரத்தைப் பதின்மூன்றால் பெருக்கினால் 355 நாள் வருகிறது. வருஷத்துக்கு 365 நாள். ஆக, பதின்மூன்று சுற்று முடிந்து பூசம் திரும்ப வரும்போது வருஷம் முடிய இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கும். அதனால்தான் நட்சத்திரப் பிறந்தநாள் அடுத்த வருஷம் பத்து நாள் முன்னதாக வருகிறது. லீப் நாள் குறுக்கே வந்தால் பதினொரு நாள்.

இப்படியே வருஷம் பத்து நாள் முன்னதாக வந்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் பூசம் தை பிறப்பதற்கு முன்பே, மார்கழியிலேயே வந்துவிடும். மார்கழிப் பூசம் அவள் பிறந்தநாள் ஆகாது. அப்போது அதை விட்டுவிட்டு, அதற்கு 27 நாள் கழித்துத் தையில் வரும் அடுத்த பூசத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் மட்டும் தேதி பதினேழு பதினெட்டு நாள் தள்ளித் தாவும். உங்களைக் குழப்பிய ஜனவரி 18க்கும் பிப்ரவரி 5க்கும் நடுவில் நடந்தது இந்தத் தாவல்தான்.

சரி, உங்கள் பெண்ணின் கணக்கையே வருஷ வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். 2020 பிப்ரவரி 8லிருந்து 355 நாள் எண்ணினால் 2021 ஜனவரி 28. அன்று தை மாதம், பூசம். முதல் ஆண்டு நிறைவு அன்றைக்குத்தான் வந்திருக்கும், ஆங்கிலத் தேதிக்குப் பதினொரு நாள் முன்னதாக. இன்னொரு 355 நாள் எண்ணினால் 2022 ஜனவரி 18. அதுவும் தைதான். மறுபடி 355 எண்ணினால் 2023 ஜனவரி 8. அன்று மார்கழி நடந்துகொண்டிருந்தது, அந்த வருஷம் பொங்கல் ஜனவரி 15. எனவே அது ஆகாது. 27 அல்லது 28 நாள் தள்ளினால் பிப்ரவரி 4 அல்லது 5. உங்கள் மாமியார் இதில் 5 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

நட்சத்திரம் நள்ளிரவில் மாறுவதில்லை, காலையில் விடியும்போது மாறுவதுமில்லை. சந்திரன் எப்போது எல்லையைத் தாண்டுகிறதோ அப்போது மாறும். 2023 பிப்ரவரி 4 அன்று தமிழ் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பார்த்திருந்தால் 'புனர்பூசம் காலை 9.16 வரை, பின்பு பூசம்' என்கிற மாதிரி ஒரு வரி இருந்திருக்கும். மறுநாள் தாளில் 'பூசம் பகல் 12.13 வரை, பின்பு ஆயில்யம்' என்று இருந்திருக்கும். இது திருக்கணிதப்படி. இரண்டு நாளிலும் பூசம் இருக்கிறது, எதை எடுப்பது? சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரம் இருக்கிறதோ அதுதான் அந்த நாளின் நட்சத்திரம் என்பது பொது வழக்கு. பிப்ரவரி 4 விடியும்போது புனர்பூசம், 5 விடியும்போது பூசம். ஆகவே 5.

அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 2023 பிப்ரவரி 5லிருந்து 355 நாள் எண்ணினால் 2024 ஜனவரி 26 வருகிறது. ஆனால் அந்த வருஷம் முருகன் கோயில்களில் தைப்பூசம் ஜனவரி 25 அன்று கொண்டாடினார்கள். பூசம் 25ஆம் தேதி காலை எட்டேகாலுக்குத் தொடங்கி 26 காலை பத்தரைக்கு முடிந்தது. 25 இரவு பௌர்ணமி. கோயில் திருவிழாவுக்குப் பௌர்ணமியோடு சேர்ந்த பூசத்தைப் பார்த்தார்கள். வீட்டில் பிறந்தநாளுக்கு உதயத்தை மட்டும் பார்க்கும் குடும்பங்களுக்கு 26தான் வரும். உதயத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் இத்தனை நாழிகையாவது நட்சத்திரம் நிற்க வேண்டும் என்று பார்க்கிற குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இது இழுபறிதான். இந்த மாதிரி நாளில் உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று மாமியாரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவும் தப்பில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு வழக்கம் வேண்டாம். தைப்பூசம் என்றைக்கோ அன்றைக்குத்தான் பெண்ணின் பிறந்தநாள் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடவும் வேண்டாம். பெரும்பாலும் ஒத்துவரும், எப்போதும் அல்ல.

2025தான் இந்த வரிசையிலேயே சுவாரசியமான வருஷம். ஜனவரி 26லிருந்து 355 நாள் எண்ணினால் 2025 ஜனவரி 15, அதாவது தை 2. காலை பத்தரை வரை பூசம். மாதம் பிறந்த மறுநாளே நட்சத்திரம் வந்துவிட்டது. தை மாதத்துக்கு 29 நாளுக்கு மேல் உண்டு, சந்திரன் திரும்பி வர 27 நாள் சொச்சம்தான். எனவே மாதம் முடிவதற்குள் இன்னொரு பூசமும் வந்தது, பிப்ரவரி 11 அன்று, தை 29. ஒரே மாதத்தில் இரண்டு தடவை நட்சத்திரம் வந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்வதுதான் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இருக்கும் வழக்கம். இரண்டாவது நாளில் கிரகணம் போன்ற ஏதாவது வந்து விழுந்தால் முதலாவதையே வைத்துக்கொள்ளச் சொல்லும் வாத்தியார்களும் இருக்கிறார்கள். அந்த வருஷம் தைப்பூசத் திருவிழாவும் பிப்ரவரி 11லேயே நடந்தது. அதிலிருந்து 355 நாள் எண்ணினால் 2026 பிப்ரவரி 1.

தை போன்ற குட்டி மாதத்தில் இந்த இரட்டை நட்சத்திரம் பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஆனி நீளமான மாதம், சில வருஷம் 32 நாள்கூட இருக்கும். ஆனியில் பிறந்தவர்களுக்கு ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி வந்து நிற்கும். மாதத்தில் நட்சத்திரமே வராமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். எந்தத் தமிழ் மாதமும் 29 நாளுக்குக் குறையாது, 27 நட்சத்திரமும் ஒரு சுற்று வந்தே தீரும். வேண்டுமானால் இப்படி ஒன்று நடக்கலாம். சந்திரன் பூமிக்குப் பக்கத்தில் இருக்கும்போது வேகமாக ஓடும், ஒரு நட்சத்திரத்தை இருபத்திரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடந்துவிடும். தூரத்தில் இருந்தால் மெதுவாக நகரும், இருபத்தாறு மணி நேரம்கூட ஆகும். வேகமான காலத்தில் ஒரு நட்சத்திரம் விடிந்த பிறகு தொடங்கி அடுத்த விடியலுக்கு முன்பே முடிந்துவிட்டால் எந்த உதயத்திலும் அது இருக்காது. அப்போது அது நடப்பில் இருந்த அந்தப் பகலையே பிறந்தநாளாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ராத்திரி மாடிக்குப் போய் நிலாவைப் பாருங்கள். சூரியன் மகரத்தில், சந்திரன் பூசத்தில் என்றால் இரண்டும் வானத்தில் ஏறக்குறைய எதிரெதிரே நிற்கின்றன. அதனால் உங்கள் பெண்ணின் பிறந்தநாள் எந்த வருஷம் எந்தத் தேதியில் வந்தாலும் நிலா பௌர்ணமியை ஒட்டியே இருக்கும், முன்னே பின்னே இரண்டு மூன்று நாள்தான் வித்தியாசம். கண்டுபிடித்த நாளில் வானத்தில் அரை நிலா இருந்தால் எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது என்று அர்த்தம். இது எல்லோருக்கும் பொருந்தும். பிறந்த மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து நிலாவின் வடிவத்தை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகின்றன. சித்திரையில் அசுவினியில் பிறந்தவருக்கு அது எப்போதும் அமாவாசையை ஒட்டி வரும்.

இனி கன்னடக் காலண்டர். அதில் நட்சத்திரம் பார்ப்பதில் சிக்கல் இல்லை, பூசத்தைப் புஷ்யா என்று போட்டிருப்பார்கள். புனர்பூசம் அங்கே புனர்வசு, ஆயில்யம் ஆஸ்லேஷா. இந்த மூன்றையும் அடையாளம் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் போதும், ஏனென்றால் புஷ்யாவுக்கு முன்னும் பின்னும் வருபவை அவைதான். மாதத்தில்தான் ஏமாந்துவிடுவோம். கன்னடப் பஞ்சாங்கத்தின் மாதம் அமாவாசைக்கு அமாவாசை எண்ணுவது, நம்முடையது சூரியனை வைத்து எண்ணுவது. உங்கள் பெண் பிறந்த அன்று கன்னடக் காலண்டரில் மாக மாதம் என்று இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மாக மாதத்துப் புஷ்யாவைத் தேடினால் 2021ல் நாள் மாறிப்போயிருக்கும். அந்த வருஷம் ஜனவரி 28 கன்னடக் கணக்கில் புஷ்ய மாதம். மாதத்துக்கும் அதே பெயர், நட்சத்திரத்துக்கும் அதே பெயர் என்பதால் தாளில் 'புஷ்ய' என்று பார்த்ததும் நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டுவிடும் அபாயமும் உண்டு. அந்தக் காலண்டரில் மேலே போட்டிருக்கும் மாதப் பெயரை விட்டுவிடுங்கள். மகர சங்கராந்தியிலிருந்து கும்ப சங்கராந்தி வரை, அதாவது ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி 12 வரை, புஷ்யா நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். அது தைப் பூசத்துக்குச் சமம். வசதிப்பட்டால் ஒரு தமிழ் தினசரி நாள்காட்டியும் வாங்கி மாட்டிவிடுங்கள். அல்சூர் மாதிரி தமிழர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் டிசம்பர் கடைசியில் கடைகளில் கிடைக்கும்.

பெங்களூரில் இருப்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திரம் முடியும் நேரம் இந்தியா முழுக்க ஒன்றுதான், சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. ஜனவரி நடுவில் சென்னையில் காலை 6.35 வாக்கில் விடிந்தால் பெங்களூரில் 6.45 ஆகிவிடும், மும்பையில் ஏழேகால். 2022ல் பூசம் ஜனவரி 18 விடியற்காலை நாலரைக்குப் பிறகு தொடங்கி 19 காலை 6.40ஐ ஒட்டி முடிந்தது. சென்னையில் 19ஆம் தேதி உதயத்திலும் பூசம் ஒட்டிக்கொண்டிருந்தது, பெங்களூரில் விடிவதற்குள் போய்விட்டது. அந்த வருஷம் 18 அன்று நாள் முழுக்கப் பூசம் இருந்ததால் யாருக்கும் பிரச்சினை வரவில்லை. ஆனால் இந்தப் பத்து நிமிஷம் நாளையே மாற்றிவிடும் வருஷங்களும் வரும். போன் செயலியில் பார்ப்பதாக இருந்தால் ஊர் பெங்களூர் என்று வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல செயலிகளில் தில்லி என்றே இருக்கும், நாம் கவனிக்க மாட்டோம்.

கும்பகோணத்தில் இருப்பது வாக்கியப் பஞ்சாங்கமாக இருந்தால் அவர்கள் சொல்லும் முடிவு நேரம் உங்கள் செயலி காட்டும் நேரத்தோடு ஒத்துப்போகாது. செயலிகளில் பெரும்பாலும் திருக்கணிதம்தான். வாக்கியம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது, திருக்கணிதம் இன்று வானத்தில் சந்திரன் நிற்கும் இடத்தை வைத்துக் கணிப்பது. வித்தியாசம் சில சமயம் மணிக்கணக்கில் போகும், அதனால் உதயத்தில் இருக்கும் நட்சத்திரமே மாறும் நாட்களும் உண்டு. உங்கள் பெண்ணின் ஜாதகம் எந்தப் பஞ்சாங்கப்படி எழுதியதோ அதையே பிறந்தநாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பஞ்சாங்கத்தில் மணிக்குப் பதிலாக நாழிகை போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். 'பூசம் 13' என்றால் உதயத்திலிருந்து பதின்மூன்று நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், ஆக ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷம். காலை 6.45ல் விடிந்தால் பகல் 11.57 வரை பூசம்.

பிறந்த நட்சத்திரம் பூசம்தானா என்பதையும் நேரத்தை வைத்து ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. உங்கள் பெண் காலை பத்தரைக்குப் பிறந்ததால் சந்தேகமே இல்லை. ஆனால் அதே நாள் இரவு பத்து மணிவாக்கில் பூசம் முடிந்து ஆயில்யம் வந்துவிட்டது. அன்று இரவு பதினொன்றுக்கு அதே ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு நட்சத்திரம் ஆயில்யம், அன்றைய நாள்காட்டியில் பூசம் என்று போட்டிருந்தாலும். பிறந்தநாள் கொண்டாட உதயத்தைப் பார்க்கிறோம், பிறந்த நட்சத்திரத்துக்குப் பிறந்த நிமிஷத்தைப் பார்க்கிறோம். இந்த இரண்டையும் கலந்துவிட்டு வாழ்நாள் முழுக்கத் தவறான நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

மாதாந்திர அர்ச்சனைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அங்கே தமிழ் மாதம் எது என்று பார்ப்பதில்லை, பூசம் வந்தால் சரி. ஒரு பூசத்திலிருந்து 27 நாள் எண்ணி அந்தத் தாளையும் அடுத்த நாள் தாளையும் பாருங்கள், இரண்டில் ஒன்றில் இருக்கும். 27, 27, 28 என்கிற மாதிரி போகும். வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை, சில வருஷம் பதினான்கு. கோயிலுக்குப் போவதற்கு முன் முடிவு நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்கு நட்சத்திரம் முடிகிறது, நீங்கள் ஒன்பது மணிக்குத்தான் போக முடியும் என்றால் முதல் நாள் சாயங்காலம் பூசம் தொடங்கிவிட்டதா என்று பார்த்து அப்போதே போய்வருவது மேல்.

வருஷ ஆரம்பத்தில் புது நாள்காட்டி வந்ததும் உட்கார்ந்து பதின்மூன்று பூசத்தையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிடுங்கள், தையில் வருவதை மட்டும் இரட்டை வட்டம். பள்ளிக்கூடத்திலும் சிநேகிதர்களோடும் பிப்ரவரி 8ஐயே கொண்டாடட்டும். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாக வந்து சேரும். சந்திரன் 254 சுற்றுச் சுற்றி முடிக்க 6,940 நாளுக்குச் சில மணி நேரம்தான் குறைவு, பத்தொன்பது வருஷமும் கிட்டத்தட்ட அதேதான். 2006ல் தைப்பூசம் பிப்ரவரி 11, 2025லும் பிப்ரவரி 11. உங்கள் பெண்ணுக்கு அது 2039ல், பத்தொன்பது முடியும்போது, பிப்ரவரி 8ஐ ஒட்டியே வரும்.